கொதிநீரும் பால்பாட்டிலும்

1998 ஆகஸ்டில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பாட்ரீசியா ஹண்ட் என்ற மரபியலாளரின் ஆய்வகத்தில் சுண்டெலிகளின் கணக்கு திடீரென்று பிசகியது. பெண் எலிகளின் முட்டை செல்கள் முதிரும்போது குரோமோசோம்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றனவா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிடுவதற்காக எந்த மாற்றமும் செய்யாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகளில் மட்டும் கோளாறு இருப்பது வழக்கம். இப்போது அது நாற்பதுக்குத் தாவியிருந்தது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை, தீவனமும் மாறவில்லை. நெடுநாள் தேடலுக்குப் பிறகு காரணம் கூண்டுகளைக் கழுவும் அறையில் கிடைத்தது. வழக்கமான சோப்புக் கரைசலுக்குப் பதிலாகத் தரை கழுவும் கடுமையான காரக் கரைசலை யாரோ தவறுதலாகப் பயன்படுத்தியிருந்தார்கள். எலிகளின் கூண்டும் தண்ணீர் பாட்டில்களும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. காரமும் சூடும் சேர்ந்து அதை அரித்திருந்தன. பாட்டில்கள் மங்கி, விரிசல் கண்டு, பிஸ்பினால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ, என்ற பொருளைத் தண்ணீரில் கசியவிட்டிருந்தன. அதே தவற்றை வேண்டுமென்றே மறுபடி செய்து பார்த்து, அதே விளைவு வருவதை உறுதிசெய்த பிறகே, 2003-இல் ஹண்ட் குழு ஆய்வை வெளியிட்டது.

அந்தக் காலத்தில் உலகின் பெரும்பாலான குழந்தைப் பால்பாட்டில்களும் இதே பாலிகார்பனேட்டால்தான் செய்யப்பட்டன. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கீழே விழுந்தால் உடையாது, கொதிநீரில் போட்டால் வளையாது. பால்பாட்டிலுக்கு இதைவிடப் பொருத்தமான பிளாஸ்டிக் கிடையாது என்றே தோன்றியது.

பாலிகார்பனேட்டின் நீண்ட சங்கிலியில் பிஸ்பினால் ஏ மூலக்கூறுகளைக் கார்பனேட் என்ற இணைப்பு கோத்து வைத்திருக்கிறது. அந்த இணைப்பைத் தண்ணீரே வெட்டக்கூடியது. குளிர்ந்த நீரில் அது மிக மெதுவாக நடக்கும், கொதிநீரில் விரைவுபடும், நீரில் காரம் இருந்தால் இன்னும் விரைவுபடும். ஓர் இணைப்பு அறும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பிஸ்பினால் ஏ தனியே பிரிந்து நீரில் கலக்கிறது, மிச்சமிருக்கும் சங்கிலி குட்டையாகிறது. குட்டையான சங்கிலிகளால் ஆன பரப்பு சொரசொரப்பாகி, நுண்ணிய விரிசல் விடுகிறது. விரிசல் விட்ட பரப்பில் தண்ணீர் ஆழமாகப் போய் மேலும் இணைப்புகளை அறுக்கிறது. நேற்றைய கொதிப்பு இன்றைய கொதிப்புக்கு வழி வெட்டிக் கொடுக்கிறது என்று சொல்லலாம்.

இது ஒன்றும் யாருக்கும் தெரியாத விஷயமாக இருக்கவில்லை. பிஸ்பினால் ஏ ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் என்று லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1936-லேயே காட்டியிருந்தார். 1993-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட் ஒன்று ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது என்று எண்ணித் தேடியவர்கள், அந்தப் பொருள் ஈஸ்டிலிருந்து வரவில்லை, ஊடகத்தைக் கிருமி நீக்கிய பாலிகார்பனேட் குடுவையிலிருந்து வருகிறது என்று கண்டார்கள். குடுவையை அவர்கள் சூடாக்கியது ஆட்டோகிளேவில். வீட்டுப் பிரஷர் குக்கர் வேலை செய்வதும் அதே முறையில்தான். அழுத்தத்தில் நீராவி 120 டிகிரி செல்சியஸை எட்டுகிறது.

பால்பாட்டிலையே எடுத்துச் சோதித்தவர்கள் நார்வே ஆய்வாளர்கள். 2003-இல் வந்த அவர்களுடைய அளவீடு எளிமையானது, அதனால்தான் அதில் நம்பிக்கை வருகிறது. புதிய பாலிகார்பனேட் பாட்டில்களில் 100 டிகிரி நீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தபோது லிட்டருக்குச் சராசரியாக 0.23 மைக்ரோகிராம் பிஸ்பினால் ஏ நீரில் வந்தது. அதே பாட்டில்களைப் பாத்திரம் கழுவும் எந்திரத்தில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, கொதிக்கவும் வைத்தார்கள். 51 முறை கழுவிய பிறகு அதே சோதனையில் 8.4 மைக்ரோகிராம் வந்தது. 169 முறைக்குப் பிறகு 6.7. நாளுக்கு ஒரு பாட்டிலை ஒரு முறை கழுவிக் கொதிக்க வைக்கும் வீட்டில் 51 என்பது இரண்டு மாதம்கூட இல்லை, 169 என்பது ஐந்தரை மாதம். கடையில் புதிதாக வாங்கிய பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் எல்லாம் சரி என்ற சான்றிதழே வந்திருக்கும்.

இந்த எண்ணை ஒரு குழந்தைக்குப் பொருத்திப் பார்ப்போம். 5 கிலோ எடையுள்ள குழந்தை, நாளுக்கு 750 மில்லி பால் குடிக்கிறது. லிட்டருக்கு 8.4 மைக்ரோகிராம் என்றால் ஒரு நாளில் 6.3 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. கிலோவுக்குக் கணக்கிட்டால் 1.26. ஒரு மணி நேரம் கொதிசூட்டில் யாரும் பாலை வைப்பதில்லை என்பதால் நிஜத்தில் இது குறைவாகவே இருக்கும். ஆனாலும் மேல்வரம்பாக வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2006-இல் வைத்திருந்த எல்லை நாளுக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். அந்த அளவுகோலில் நம் குழந்தை வெகு பத்திரம். 2015-இல் எல்லை 4 ஆனது, அப்போதும் பத்திரம். 2023-இல் அதே அமைப்பு எல்லையை 0.2 நானோகிராமுக்கு இறக்கியது. அதாவது ஒரு மைக்ரோகிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இப்போது நம் குழந்தை எல்லையைப் போல 6,300 மடங்கில் நிற்கிறது. இந்தப் புதிய எல்லை அளவுக்கு மீறிக் கடுமையானது என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் மறுத்திருக்கிறது, அவர்கள் கணக்கிட்ட எல்லை ஆயிரம் மடங்கு தளர்வானது. அந்தத் தளர்ந்த எல்லையான 0.2 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டாலும் பழைய பாட்டில் தேறாது.

பாலிகார்பனேட் பால்பாட்டில்களைக் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்தன. அமெரிக்கா 2012-இல் பால்பாட்டிலுக்கும் சிப்பருக்கும் பாலிகார்பனேட்டுக்கான அனுமதியை எடுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு பிளாஸ்டிக் பால்பாட்டிலுக்கான தன் விதிமுறையான ஐஎஸ் 14625-ஐ 2015-இல் திருத்தியபோது பாலிகார்பனேட்டை விலக்கியது. ஆகவே இன்று ஐஎஸ்ஐ முத்திரையுள்ள பாட்டிலில் பிபிஏ இல்லை என்று எழுதியிருப்பது பெருமைக்குரிய சிறப்பம்சம் எதுவுமில்லை, அது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். முத்திரை இல்லாமல் திருவிழாக் கடையிலும் தள்ளுவண்டியிலும் விற்கும் தெளிவான, கெட்டியான பாட்டில் எதனால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வாங்கவே கூடாது.

பிபிஏ இல்லை என்ற வாசகம் எது இல்லை என்று மட்டும் சொல்கிறது. எது இருக்கிறது என்பது பாட்டிலின் அடியில், சிறு முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணில் தெரியும். பெரும்பாலும் அது 5, அதாவது பாலிப்ரொப்பிலீன். லேசான பால்நிறப் புகைமூட்டம் கொண்ட, அழுத்தினால் சற்றே அமுங்கும் பாட்டில். இதன் சங்கிலியில் தண்ணீர் வெட்டக்கூடிய இணைப்பே இல்லை, எனவே பாலிகார்பனேட்டின் நோய் இதற்கு வராது. இது உருகுவது ஏறக்குறைய 160 டிகிரியில் என்பதால் கொதிநீரையும் தாங்கும்.

ஆனால் இதற்கு வேறு நோய் உண்டு. பாலிப்ரொப்பிலீனில் ஒரு பகுதி படிகமாக அடுக்கப்பட்டும் மறுபகுதி ஒழுங்கின்றிச் சுருண்டும் கிடக்கிறது. சுருண்ட பகுதி அறைச் சூட்டிலேயே இளகித்தான் இருக்கும், கொதிநீரில் இன்னும் இளகும். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜான் போலண்டும் அவர் குழுவினரும் 2020-இல் இதைப் பின்தொடர்ந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடியே பாட்டில்களைக் கிருமி நீக்கி, 70 டிகிரி நீரை ஊற்றிக் குலுக்கி, அந்த நீரை வடிகட்டி எண்ணினார்கள். லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. சூடு கூடக் கூட எண்ணிக்கை ஏறியது. 25 டிகிரியில் லிட்டருக்கு 6 லட்சமாக இருந்தது, 95 டிகிரியில் 5.5 கோடி. குலுக்குவதும் கூட்டியது.

இந்தத் துகள்கள் குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பது அந்த ஆய்வின் கேள்வியில் இல்லை, அதற்கான விடையும் இன்னும் தீர்மானமாக வரவில்லை. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து அஞ்சிக் கொதிக்க வைப்பதையே நிறுத்துகிறவர்கள் உண்டு, அதுதான் என்னை மிகவும் வருத்துவது. சரியாகக் கழுவாத பாட்டிலால் குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்கு ஐயத்துக்கு இடமில்லாத ஆபத்து. பால் பவுடரிலேயே குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்கக்கூடும், பச்சிளம் குழந்தைக்கு அது மூளைவரை போகும். அதைக் கொல்லத்தான் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் பவுடரைக் கலக்கச் சொல்கிறார்கள். சூடு வேண்டும். அந்தச் சூடு பிளாஸ்டிக்குக்குள் நடக்க வேண்டியதில்லை என்பதே டப்ளின் ஆய்வு தரும் பயன்.

போலண்ட் குழு சொன்ன வழி நம் அடுக்களைக்கு அப்படியே பொருந்துகிறது. பாட்டிலை வழக்கம்போலக் கொதிக்க வைத்து எடுக்கவும். எவர்சில்வர் பாத்திரத்தில் தனியாகக் கொதிக்க வைத்து ஆறிய நீரால் அதை மூன்று முறை அலசவும். கொதிக்கும்போது உதிர்ந்த துகள்கள் இதில் போய்விடும். பால் பவுடரைச் சுத்தமான எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடிக் குவளையிலோ சூடான நீரில் கலக்கி, குடிக்கும் சூட்டுக்கு ஆறியபின் பாட்டிலில் ஊற்றவும். பாட்டிலுக்குள் வைத்துக் குலுக்கவும் வேண்டாம், மறுபடி சூடாக்கவும் வேண்டாம். கலக்கும் டம்ளரும் கரண்டியும் பாட்டிலோடு சேர்ந்து கொதிக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் வேலை.

பாலிப்ரொப்பிலீன் பாட்டில் முதுமையடைவது கண்ணுக்குத் தெரியும். முதலில் உள்பக்கம் மங்கும். பிறகு பிரஷ் போன தடம் கீறலாக நிற்கும். கடைசியில் மூடி திருகும் மரை சற்றே கோணி, இறுக்கமாக மூடினாலும் பால் கசியும். கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் பாத்திரத்தின் அடி. அடுப்புச் சூட்டில் உலோக அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும், பாட்டில் அதில் ஒட்டி நின்றால் அந்த இடம் மட்டும் இளகும். பாத்திரத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை மடித்துப் போட்டால் போதும். பிரஷர் குக்கரில் வைப்பது இந்தப் பாட்டிலுக்கு வேண்டாத தண்டனை, கிருமி நீக்கக் கொதிநீர் 10 நிமிடம் போதும். கீறல் விழுந்தாலோ வாடை ஒட்டினாலோ மாதக் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். கீறலின் பள்ளத்துக்குள் பிரஷ் நுழையாது, பால்கொழுப்பும் கிருமியும் நுழையும்.

தேன்நிறத்தில் விலை கூடிய பிளாஸ்டிக் பாட்டில்களும் உண்டு. அவை பிபிஎஸ்யு என்ற பாலிபீனைல்சல்ஃபோன். மருத்துவமனைக் கருவித் தட்டுகளுக்காகப் பழகிய பொருள், 200 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும், நீராவியை நூற்றுக்கணக்கான முறை தாங்கும். பிளாஸ்டிக்தான் வேண்டும், கைக்குக் கனம் கூடாது, நாளுக்குப் பல முறை கிருமி நீக்க வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. கீறல் விழும் என்பது மட்டும் இதற்கும் பொது.

கண்ணாடிக்கு வருவோம். கொதிநீரால் கண்ணாடியிலிருந்து பாலில் கலப்பது கவலைப்பட வேண்டாத அளவு மிகச் சொற்பம். கொழுப்பு ஊறாது, வாடை ஒட்டாது, நைலான் பிரஷ்ஷால் கீறல் விழாது. அதன் ஒரே பலவீனம் உடைவது. விழுந்து உடைவது எல்லோருக்கும் தெரிந்தது. சூட்டில் உடைவதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கொதிநீரிலிருந்து எடுத்த பாட்டிலை ஈரக் கிரானைட் மேடையில் வைத்தால், தொட்ட இடம் நொடியில் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இன்னும் சூடாக இருக்கும் கண்ணாடி அதைச் சுருங்க விடுவதில்லை. மேற்பரப்பு இழுபட்டு நிற்கிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. பரப்பில் எங்காவது ஒரு நுண்கீறல் இருந்தால் இழுப்பு முழுவதும் அதன் நுனியில் குவிந்து, அங்கிருந்து விரிசல் ஓடும். கீறலின் நுனியில்தான் கண்ணாடியின் வலிமை தீர்மானமாகிறது என்பதை இங்கிலாந்தில் கிரிஃபித் 1920-இல் விளக்கினார். குளிர்ந்த பாட்டிலில் சூடு பட்டால் ஆபத்து சற்றுக் குறைவு, சூடான பாட்டிலைத் திடீரென்று குளிர்விப்பதே மோசம். இரண்டாண்டு நன்றாக இருந்த பாட்டில் ஒருநாள் காரணமே இல்லாமல் உடைந்ததாகச் சொல்வார்கள். காரணம் உண்டு. கொதிக்கும் பாத்திரத்தில் மற்ற பாட்டில்களோடு மோதி மோதி வெளிப்பரப்பில் விழுந்த கீறல்கள் அவை. முன்பு சொன்ன அந்தப் பருத்தித் துணி இங்கேயும் காப்பாற்றும்.

எந்தக் கண்ணாடி என்பதும் முக்கியம். ஜாடிகளும் ஜன்னல்களும் செய்யும் சாதாரணக் கண்ணாடியைவிடப் போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டில் விரிவது மூன்றில் ஒரு பங்கே. ஒரே அளவு சூட்டு மாற்றத்தில் அதன் பரப்பில் எழும் இழுப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விளக்குச் சிம்னிக்கும் வெப்பமானிக்கும் தேடிக் கண்ட கலவை இது. பால்பாட்டில் வாங்கும்போது போரோசிலிக்கேட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது கூடுதல் விலைக்குத் தகும். அதனாலேயே அது விழுந்தாலும் உடையாது என்று நினைத்துவிடக் கூடாது, சூட்டுத் தாங்கலும் அடி தாங்கலும் வேறு வேறு. வாய்ப்பகுதியில் சிறு சில்லு பெயர்ந்தாலும் பாட்டிலை எறிந்துவிட வேண்டும். பெயர்ந்த சில்லு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கொதிக்க வைத்துப் பாட்டில் வெளுத்துப்போனால் அது உப்புப் படிவு, எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டால் போய்விடும். அப்படிப் போகாத மங்கல், கண்ணாடிப் பரப்பே அரித்த அடையாளம்.

கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தவர்களும் மறந்துவிடுவது நிப்பிளை. எந்தப் பாட்டில் வாங்கினாலும் குழந்தையின் வாய்க்குள் போவது, கடிபடுவது, பெரும்பாலும் சிலிக்கோன்தான். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த முதுகெலும்பு அதற்கு, அதனால் 200 டிகிரி வரை கவலையில்லை. ஆனால் செய்யும்போது சங்கிலியில் சேராமல் வளையமாக நின்றுவிடும் சிறு மூலக்கூறுகள் உள்ளே தங்கும். நல்ல தயாரிப்பாளர்கள் வார்த்த பொருளை 200 டிகிரியில் நான்கு மணி நேரம் போல வைத்து அவற்றை வெளியேற்றுவார்கள். அதைத் தவிர்ப்பவர்களின் பொருளுக்கு விலை மலிவாக இருக்கும், முதல்முறை கொதிக்கும்போது ரசாயன வாடையும் வரும். சிலிக்கோன் நிப்பிள்களும் நீராவியில் நுண்துகள்களை உதிர்ப்பதை 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே அலசும் விதி அவற்றுக்கும் உண்டு.

சிலிக்கோனின் நடைமுறைச் சிக்கல் கிழிவது. இழுத்தால் நன்றாக நீளும், ஆனால் ஒரு சிறு வெட்டு விழுந்துவிட்டால் அங்கிருந்து சுலபமாகக் கிழியும். முதல் பல் முளைத்த குழந்தையின் வீட்டில் இது அன்றாடக் கவலையாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் நிப்பிளை நுனியிலும் அடியிலும் பிடித்து எல்லாத் திசையிலும் இழுத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடித் தடம், பிசுபிசுப்பு, உப்பிய நுனி, அகன்ற துளை, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மாற்ற வேண்டும். துண்டு பெயர்ந்தால் மூச்சுக்குழாயில் அடைக்கும். முழுக்க முழுக்கச் சிலிக்கோனால் ஆன பாட்டில்கள் உடைவதில்லை, கொதிநீருக்கு அஞ்சுவதில்லை. ஆனால் கொழுப்பையும் சோப்பின் வாசனையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாசனை குறைந்த சோப்புக் கரைசலும் உடனடிக் கழுவலும் வேண்டும்.

சிப்பரில் பொருளைவிட அமைப்புதான் பெரிய பிரச்சினை. சிந்தாமல் இருக்க வைத்த வால்வுக்குள், ஸ்ட்ராவின் வளைவுக்குள், மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் பால் தங்கும், ஒரு நாளில் புளிக்கும், சில நாளில் கரும்பூஞ்சை பூக்கும். தெளிவான சிப்பர்கள் பலவும் டிரைடான் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனவை, கொதிசூடு அவற்றின் தாங்கும் எல்லையை ஒட்டி வருவதால் கோணிப்போகும். கொதிக்க வைக்கலாம் என்று தயாரிப்பாளர் எழுதாத சிப்பரைக் கொதிக்க வைக்க வேண்டாம், அதில் பாலும் ஊற்ற வேண்டாம், தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது கடைக்காரர் எதிரிலேயே எல்லாப் பாகத்தையும் கழற்றிப் பாருங்கள். விரலோ சிறு பிரஷ்ஷோ எட்டாத மூலை ஒன்று இருந்தாலும் வேறு சிப்பரைக் கேட்கலாம்.

நம் ஊர்களில் இன்னும் புழங்கும் பாலாடைக்கு, சங்கு என்றும் சொல்வார்களே அதற்கு, இந்த அத்தியாயத்தில் இடம் உண்டு. நிப்பிள் இல்லை, மரை இல்லை, வால்வு இல்லை. எவர்சில்வரில் ஒரே துண்டாக, உள்ளும் புறமும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தாயிடம் கறந்த பாலைப் புகட்ட மருத்துவமனைகள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன. மூழ்கும்படி நீர் ஊற்றி 10 நிமிடம் கொதிக்க வைத்தால் வேலை முடிந்தது. புகட்டும் வேகம் கொடுப்பவர் கையில் இருப்பதால், குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வாயும் விழுங்கியபின்தான் அடுத்ததைச் சாய்க்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும்.